அண்ணனுக்காக ஜெபிக்கச் சொல்கிறார்கள், பொய் சொல்லாமல் எப்படி ஜெபிப்பது?

வடசேரிக்காரி, பிப்ரவரி 2, இரவு

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த நேரத்தில் எங்கள் வீடு அண்ணன் பெயருக்கு செட்டில்மெண்ட் ஆகியிருக்கிறது. அப்பாவை அடக்கம் செய்து, வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் எனக்கும் தங்கச்சிக்கும் தெரியும். பத்திரம் பதிந்த வாரம் அப்பாவுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. பத்திரத்தில் "நல்ல மனநிலையில்" என்று எழுதியிருக்கிறது.

சபையில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். மத்தேயு 5:44, சத்துருக்களைச் சிநேகியுங்கள், துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள். சரி, கட்டளை புரிகிறது. முழங்கால் போட்டு "ஆண்டவரே, அண்ணனை ஆசீர்வதியும்" என்று வாய் சொல்கிறது. அதே நேரம் உள்ளே "அந்த வீட்டில் நீ எப்படி நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று பார்க்கிறேன்" என்று ஓடுகிறது. மனுஷனிடம் பொய் சொன்னால் பரவாயில்லை, ஜெபத்திலுமா?

என்ன சொல்லி ஜெபிப்பது என்பதுதான் கேள்வி. "மன்னித்துவிடுங்கள், சமாதானம் வரும்" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.

ஜெபவீரன், பிப்ரவரி 2, இரவு

சகோதரி, கவலைப்படாதீர்கள். விடியற்காலையில் எழுந்து 109ஆம் சங்கீதத்தை அண்ணன் பெயரைச் சொல்லி வாசியுங்கள். வீடு தானாகக் கைக்கு வரும். எங்கள் ஊரில் ஒருவருக்கு வந்திருக்கிறது.

வடசேரிக்காரி, பிப்ரவரி 3

தம்பி, நான் வீட்டை மீட்க ஜெபம் கேட்கவில்லை. அந்தச் சங்கீதத்தில் "அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள்" என்று வருகிறது. அண்ணன் மகளுக்குப் பேர் வைத்ததே நான்தான். அவள்மேல் இதை வாசிக்கவா?

பழைய ஆயர், பிப்ரவரி 3, மாலை

ஓய்வு பெற்ற சி.எஸ்.ஐ. போதகன் நான். அந்தத் தம்பி சொன்னதை அப்படியே தள்ளிவிட வேண்டாம். மந்திரம் போல வாசிப்பது தவறு, ஆனால் அவர் போய் நின்ற இடம் சரியான இடம்தான். 109க்குப் பதில் 35ஆம் சங்கீதத்தை எடுங்கள். "கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடி" என்றுதான் தொடங்குகிறது. அவர்கள் வெட்கப்பட வேண்டும், காற்றில் பறக்கும் பதராக வேண்டும், அவர்கள் வழி இருளும் சறுக்கலுமாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போகிறான். பிறகு 13ஆம் வசனத்தில் அவர்களைப் பற்றியே சொல்கிறான்: "அவர்கள் வியாதியாயிருந்தபோது இரட்டு என் உடுப்பாயிருந்தது, நான் உபவாசத்தால் என் ஆத்துமாவை உபத்திரவப்படுத்தினேன்."

ஒரே ஆள், ஒரே ஜெபம். அவர்கள் படுத்தபோது சாக்குத் துணி உடுத்திப் பட்டினி கிடந்தவன்தான் இப்போது அவர்கள்மேல் வழக்குத் தொடுக்கச் சொல்லிக் கடவுளிடம் நிற்கிறான். இரண்டில் ஒன்றைப் பொய் என்று யாரும் வெட்டி எறியவில்லை.

அம்மா, உங்கள் ஜெபத்தில் பொய் எங்கே இருக்கிறது தெரியுமா? "ஆசீர்வதியும்" என்பதில் இல்லை. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. நடந்தது என்ன என்று முதலில் சொல்லுங்கள்.

வடசேரிக்காரி, பிப்ரவரி 3, இரவு

ஐயா, அவருக்குத் தெரியாததா? நான் எதற்கு எடுத்துச் சொல்ல வேண்டும்?

பழைய ஆயர், பிப்ரவரி 4

அவருக்குத் தெரியும். நீங்கள் சொல்லாமல் ஜெபித்தால், நடக்காதது போல நடிக்கிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஸ்தேவானைப் பாருங்கள். அப்போஸ்தலர் 7இல் கல்லெறிபட்டுச் சாகும்போது "ஆண்டவரே, இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்" என்றான். எல்லாப் பிரசங்கியும் இதை மட்டும்தான் எடுப்பார்கள், நானும் எடுத்திருக்கிறேன். அதற்குச் சற்று முன்னால் 51ஆம் வசனத்தில் அதே ஆட்களைப் பார்த்து "வணங்காக் கழுத்துள்ளவர்களே" என்று தொடங்கி, நீதிபரருக்குத் துரோகிகளும் கொலைபாதகருமானீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். ஜெபத்திலும் "இந்தச் சம்பவத்தை" என்று மழுப்பவில்லை, "இந்தப் பாவத்தை" என்கிறான். குற்றத்தைக் குற்றம் என்று சொன்ன பிறகுதான் அதைச் சுமத்தாதிரும் என்று கேட்க முடியும். குற்றமே இல்லையென்றால் எதைச் சுமத்தாமல் இருக்க வேண்டும்?

சபை மூப்பன், பிப்ரவரி 4

எல்லாம் சரி, ஒன்றை மறக்கிறீர்கள். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் இந்த ஜெபத்துக்கு அர்த்தமில்லை. 1 கொரிந்தியர் 6இல் பவுல் தெளிவாகச் சொல்கிறார், சகோதரன் சகோதரனோடு வழக்காடக் கூடாது, "ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை" என்று. மன்னித்தவன் கோர்ட்டுக்குப் போக மாட்டான்.

கோர்ட் குமாஸ்தா, பிப்ரவரி 4, இரவு

வேதம் எனக்கு அவ்வளவாக வராது. ஆனால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடுவதற்கு மூன்று வருடம்தான் கெடு, விவரம் தெரிய வந்த நாளிலிருந்து. லிமிட்டேஷன் சட்டத்தில் 59ஆவது ஆர்ட்டிக்கிள். அம்மா எத்தனை நாள் வேண்டுமானாலும் ஜெபிக்கட்டும், அந்தக் கடிகாரம் ஜெபத்துக்காக நிற்காது. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று உட்கார்ந்து, நாலாவது வருடம் வக்கீல் ஆபீஸுக்கு வந்து அழுதவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். எல்லா மதத்திலும்.

பழைய ஆயர், பிப்ரவரி 5

மூப்பர் சொன்னது பாதி சரி. அந்த அதிகாரத்தில் 5ஆம் வசனத்தையும் 8ஆம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். உங்களுக்குள் நியாயம் தீர்க்க ஒரு விவேகியாவது இல்லையா என்று பவுல் சபையைக் கேட்கிறார். அதாவது, வெளியே போகாதே என்றால் உள்ளே ஒருவர் உட்கார்ந்து நியாயம் பேச வேண்டும். 8இல் "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள்" என்று அநியாயம் செய்தவனைத்தான் அடிக்கிறார். நம் சபைகளில் பறிகொடுத்தவளிடம் 7ஆம் வசனத்தை வாசிக்கிறோம், பறித்தவனிடம் 8ஆம் வசனத்தை வாசிக்க யாரும் போவதில்லை. அவன்தான் அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டை கொடுக்கிறவன்.

அதே பவுல், அப்போஸ்தலர் 25:11இல் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று தன் வழக்கை ரோம் வரைக்கும் கொண்டு போனார். சகித்துக்கொள்வது ஒருவர் தானாக எடுக்கும் முடிவு. அடுத்தவர் தலையில் வைக்கிற பாரம் இல்லை.

இந்த அம்மாவின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தங்கச்சியின் பங்கும் அதில் இருக்கிறது. தன் பங்கை விட்டுக்கொடுக்க இவருக்கு உரிமை உண்டு, தங்கச்சியின் பங்கை மன்னித்துவிட இவர் யார்?

சபை மூப்பன், பிப்ரவரி 5

அரிசி மூட்டை பற்றிய பேச்சு தேவையில்லாதது.

பழைய ஆயர், பிப்ரவரி 5

தேவைதான்.

மறைக்கல்வி டீச்சர், பிப்ரவரி 7

நான் கத்தோலிக்கப் பள்ளியில் மறைக்கல்வி எடுப்பவள். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது.

பகைவருக்காக ஜெபிக்க வேண்டுமா என்ற கேள்வியைப் புனித தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே தனியாக எடுத்துப் பேசியிருக்கிறார். அவர் வைக்கும் அளவு நாம் நினைப்பதைவிடக் கீழே இருக்கிறது. எல்லாருக்காகவும் பொதுவாக ஜெபிக்கும்போது பகைவனை மட்டும் விலக்கி வைக்கக் கூடாது, இதுதான் கட்டாயம். அவன் பெயரைச் சொல்லித் தனியாக ஜெபிப்பது நிறைவான நிலை, விசேஷமான சூழ்நிலை தவிர அது கடமை இல்லை என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார், தீமை செய்கிறவன் திருந்துவதற்காக அவனுக்கு இந்த உலகத்தில் ஏதாவது கஷ்டம் வரட்டும் என்று கேட்பதுகூட அனுமதிக்கப்பட்டது, அவனுடைய நன்மைதான் நோக்கமாக இருந்தால்.

ஆகவே, அக்கா, முதல் நாளே அண்ணன் பெயரைச் சொல்ல வரவில்லை என்றால் நீங்கள் கட்டளையை மீறிவிடவில்லை. "எங்கள் குடும்பத்தில் எல்லாரையும்" என்று சொல்லும்போது மனதுக்குள் "அவரைத் தவிர" என்று சேர்க்காமல் இருந்தால் போதும். அங்கிருந்து தொடங்கலாம்.

வடசேரிக்காரி, பிப்ரவரி 7, இரவு

டீச்சர், "அவரைத் தவிர" என்பதைத்தான் இத்தனை நாளும் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டிருந்தேன். எழுதிய பிறகுதான் எனக்கே தெரிகிறது.

ஆனால் அந்தக் கடைசி விஷயம் எனக்கு ஆபத்து. அண்ணன் திருந்துவதற்காகக் கஷ்டம் வரட்டும் என்று ஆரம்பித்தால், என்ன கஷ்டம், எந்த மாதம், எந்தக் கால் என்று கடவுளுக்கே பட்டியல் கொடுத்துவிடுவேன்.

கோர்ட் குமாஸ்தா, பிப்ரவரி 7

ஹா ஹா. மனுவில் பிரேயர் என்று ஒரு பகுதி வரும், அதில் இப்படித்தான் எழுதுவோம். அ, ஆ, இ என்று.

வடசேரிக்காரி, பிப்ரவரி 11

உட்கார்ந்து ஒன்று எழுதினேன். எழுதினால்தான் எனக்கு வரும். பார்த்துச் சொல்லுங்கள்.

"ஆண்டவரே, அண்ணனுக்கு நல்ல புத்தியைக் கொடும். அவர் செய்த தப்பை உணரப் பண்ணும். எங்களுக்குச் சேர வேண்டியதை அவர் எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும்படி செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."

மறைக்கல்வி டீச்சர், பிப்ரவரி 11

அக்கா, மூன்று வேண்டுதலும் முடிவில் உங்களிடமே வந்து நிற்கின்றன. அவருக்குப் புத்தி வந்தால் வீடு வரும், உணர்ந்தால் வீடு வரும், மூன்றாவது நேராகவே வீடு. வீடு வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. அதைத் தனியாக உங்கள் பெயரிலேயே கேளுங்கள். அவருக்கான ஜெபம் என்று தலைப்புப் போட்டு அதற்குள் வைக்காதீர்கள்.

"நல்ல புத்தியைக் கொடும்" என்பதை எங்கள் வீட்டில் அம்மா எந்தக் குரலில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அது ஜெபம் இல்லை, திட்டு.

பழைய ஆயர், பிப்ரவரி 12

டீச்சர் பிடித்தது சரி. நான் சபையில் இருந்த காலத்தில் ஒரு சோதனை வைத்திருந்தேன். அவருக்கு ஒரு நல்லது கேளுங்கள், அதனால் உங்களுக்குக் காலணா லாபம் வரக் கூடாது. கேட்க முடிந்தால் அது அவருக்கான ஜெபம்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. அந்த வீட்டில் அவர் செழிக்கட்டும் என்று கேட்க வேண்டியதில்லை. அநியாயம் நிலைக்கட்டும் என்று கேட்பது அவருக்கு ஆசீர்வாதமே ஆகாது. பகைவனை நேசிப்பதைப் பற்றி அகுஸ்தீன் சொல்வதன் சாரம் இதுதான்: அவன் இப்போது இருக்கிற நிலையை நேசிக்கச் சொல்லவில்லை, அவன் ஆக வேண்டிய நிலையை விரும்பச் சொல்கிறார்கள். உடம்பு, பிள்ளைகள், மனந்திரும்புதல், இவையெல்லாம் தாராளமாகக் கேட்கலாம்.

குளச்சல் மருமகள், பிப்ரவரி 12, நள்ளிரவு

நான் இங்கே எழுதுவதில்லை. ஆனால் படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. உங்களுக்கு வீடுதான் போனது. எனக்குக் கணவர். அடிப்பார். ஜெபிக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப அவரோடேயே அனுப்பினார்கள். "உன் ஜெபத்தால் அவன் மாறுவான்" என்று சொல்லியே அனுப்பினார்கள். அவர் மாறாதபோது என் ஜெபம் குறைவு என்று ஆகிவிட்டது. இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். அவருக்காக ஜெபிக்க உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது. நான் கிறிஸ்தவள் இல்லையா?

பழைய ஆயர், பிப்ரவரி 13, காலை

மகளே, முதலில் அம்மா வீட்டிலேயே இரு. ஜெபிப்பதும் அவரோடு ஒரே கூரையின்கீழ் இருப்பதும் இரண்டு காரியம். இதை வேதத்திலிருந்தே சொல்கிறேன், அந்த வசனத்தை உன்னை அனுப்பியவர்களிடமும் காட்டு.

2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரம், 14 முதல் 16 வரை. பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார். "கன்னானாகிய அலெக்சந்தர் எனக்கு வெகு தீமைசெய்தான், அவனுடைய செய்கைக்குத்தக்கதாகக் கர்த்தர் அவனுக்குப் பதிலளிப்பாராக." மன்னியும் என்று கேட்கவில்லை, தீர்ப்பைக் கர்த்தரிடம் கொடுத்துவிட்டு விலகுகிறார். அடுத்த வசனத்தில் தீமோத்தேயுவிடம் "நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்கிறார். அதற்கடுத்த வசனத்தில், வழக்கில் தன்னைத் தனியே விட்டுப் போன நண்பர்களைப் பற்றி "அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக" என்கிறார்.

பயந்து ஓடியவர்களுக்கு ஒரு ஜெபம், இன்னும் தீங்கு செய்யக்கூடியவனுக்கு வேறு ஜெபம், கூடவே ஊருக்கு ஓர் எச்சரிக்கை. மூன்று வசனத்துக்குள் மூன்றும் இருக்கின்றன. உன் கணவர் இப்போது அலெக்சந்தர் இடத்தில் இருக்கிறார். "ஆண்டவரே, அவரை உம்மிடம் விடுகிறேன், அவர் கை இனி யார்மேலும் ஓங்காமல் தடுத்தருளும்" என்று சொன்னால் அது அவருக்காகச் செய்த ஜெபம்தான். அடிக்க முடியாமல் போவது அவருக்கும் நன்மை. அதற்குமேல் இப்போது உன்னிடம் யாரும் கேட்கக் கூடாது.

மறைக்கல்வி டீச்சர், பிப்ரவரி 13

ஐயா சொன்னதோடு ஒன்று. பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் உண்டு, எந்த நேரமும் கூப்பிடலாம். கை நடுங்குகிறது என்றால் ஜெபத்தை நீங்களே சொல்ல வேண்டும் என்றில்லை. உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் அவருக்காக ஜெபிக்கலாம். அந்த மனிதருக்காக இன்று நான் சொல்கிறேன். நீங்கள் தூங்குங்கள்.

குளச்சல் மருமகள், பிப்ரவரி 13

சரி டீச்சர்.

ஞாயிறு பள்ளி அண்ணாச்சி, பிப்ரவரி 16

நல்ல இழை. ஒன்று கேட்கிறேன். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரை யாரும் சொல்லவில்லையே? 1999 ஜனவரியில் ஒரிசாவில் மனோகர்பூர் கிராமத்தில் கணவரையும் இரண்டு பையன்களையும் ஜீப்புக்குள் வைத்து எரித்தார்கள். மன்னிக்கிறேன் என்று சொன்னார், பாரிபாதாவில் தொழுநோயாளிகள் நடுவிலேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். அவரால் முடிந்தது, ஒரு வீட்டுக்காக நம்மால் முடியாதா?

வடசேரிக்காரி, பிப்ரவரி 16

அண்ணாச்சி, அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் தன்னைப் பற்றிச் சொன்னதை ஊர் முழுக்க மற்றவர்கள் மேல் அளவுகோலாக வைக்கிறீர்கள். யாரிடமாவது பங்காளிச் சண்டை என்று சொன்னால் உடனே அவர் பெயர் வந்துவிடுகிறது.

கோர்ட் குமாஸ்தா, பிப்ரவரி 16

அவர் மன்னித்ததால் அரசு வழக்கு நிற்கவும் இல்லை. விசாரணை நடந்தது, தாரா சிங்குக்குத் தண்டனை ஆனது, மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. மன்னிப்பு அவருடையது, தீர்ப்பு கோர்ட்டுடையது.

ஞாயிறு பள்ளி அண்ணாச்சி, பிப்ரவரி 17

அளவுகோலாக வைக்கவில்லை, உதாரணம் சொன்னேன். சரி, விடுங்கள். ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள். பரமண்டல ஜெபத்தைத் தினமும் சொல்கிறீர்கள். நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களுக்கும் மன்னியும் என்று அதில் இருக்கிறது. மன்னிக்காமல் அதைச் சொன்னால், எனக்கும் மன்னிக்காதே என்று நீங்களே கேட்பதாக ஆகாதா? மத்தேயு 6:15 அப்படித்தான் சொல்கிறது.

வடசேரிக்காரி, பிப்ரவரி 17, இரவு

இது குத்துகிறது. அந்த வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆராதனையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் கவனித்திருப்பார்கள்.

பழைய ஆயர், பிப்ரவரி 18

லூக்கா 17:3இல் சகோதரன் குற்றம் செய்தால் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்று இருக்கிறது. அண்ணன் மனஸ்தாபப்படவில்லை. ஆகவே உறவு பழையபடி ஆகவில்லை என்பதற்காக உங்கள்மேல் குற்றம் இல்லை. பழி வாங்கும் உரிமையைக் கையைவிட்டு விட்டீர்களா, அது மட்டும்தான் இன்றைய கேள்வி. ரோமர் 12:19, "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்." அதை விட்டிருந்தால் வாயைத் திறந்து அந்த வரியைச் சொல்லுங்கள்.

மறைக்கல்வி டீச்சர், பிப்ரவரி 18

இதில் ஐயாவோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மாற்கு 11:25இல் நின்று ஜெபம் பண்ணும்போது ஒருவன்பேரில் குறை இருந்தால் மன்னியுங்கள் என்று இருக்கிறது. அவன் வருத்தப்பட்டானா என்ற நிபந்தனை அங்கே இல்லை, அவன் அந்த இடத்திலேயே இல்லை. எங்கள் மறைக்கல்வி நூலில் 2843ஆம் எண், காயத்தை உணராமல் இருப்பதும் மறப்பதும் நம் கையில் இல்லை என்று ஒத்துக்கொள்கிறது. ஆனால் தூய ஆவியிடம் தன்னைக் கொடுக்கும் இதயம் அந்தக் காயத்தையே பரிந்துரை ஜெபமாக மாற்றும் என்றும் சொல்கிறது. அதாவது, மன்னித்து முடித்துவிட்டு ஜெபிப்பது இல்லை. ஜெபித்து ஜெபித்துத்தான் மன்னிக்க வருகிறது. அக்கா வாயை மூடிக்கொள்ள வேண்டாம், அந்த வரியையே இன்னும் கிடைக்காத ஒன்றைக் கேட்பது போலச் சொல்லலாம்.

பழைய ஆயர், பிப்ரவரி 18

மாற்கையும் லூக்காவையும் டீச்சர் ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறார் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் கடைசியாகச் சொன்ன வழி நல்ல வழி.

சூசை மகன், பிப்ரவரி 20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தீமை செய்தவர் சித்தப்பா. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவருக்காக ஜெபிக்கலாமா?

மறைக்கல்வி டீச்சர், பிப்ரவரி 20

எங்களிடம் தாராளமாக. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அவர் பெயரில் ஒரு பூசைக்குக் கொடுங்கள். கல்லறையில் மெழுகுவர்த்தி வைக்கும்போது வேறு எதுவும் சொல்ல வராவிட்டால் அவர் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

சபை மூப்பன், பிப்ரவரி 20

எங்களிடம் இல்லை. மரித்தவர்களுக்காக ஜெபிக்க வேதத்தில் ஆதாரம் இல்லை. அவர் பிள்ளைகளுக்காக ஜெபிக்கலாம்.

சூசை மகன், பிப்ரவரி 20

எனக்கு அம்மா கத்தோலிக்கம், அப்பா சி.எஸ்.ஐ. ஆளுக்கொரு பதில் வரும் என்று எதிர்பார்த்ததுதான்.

வடசேரிக்காரி, பிப்ரவரி 24

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒன்று நடந்தது. "ஜெபக் குறிப்பு சொல்லுங்கள்" என்றார்கள். நான் எழுந்து, எங்கள் அண்ணன் மனந்திரும்ப ஜெபியுங்கள் என்று சொல்லி, என்ன செய்தார் என்பதையும் மெதுவாகச் சொல்லிவிட்டேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு இனித்தது, ஐயா. ஜெபத்தில் அப்படி ஒரு இனிப்பு இதற்கு முன்னால் கண்டதில்லை.

பழைய ஆயர், பிப்ரவரி 24

அந்த இனிப்பைத்தான் பார்க்க வேண்டும். பத்துப் பேருக்கு முன்னால் சொன்ன ஜெபக் குறிப்பு அண்ணன் காதுக்குப் போவதற்கு எத்தனை நாள் ஆகும்? மத்தேயு 18:15இல் முதல் படி நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல் என்பது. பிறகு இரண்டொருவர். சபை மூன்றாவதுதான். நீங்கள் மூன்றாவதில் தொடங்கிவிட்டீர்கள், அதுவும் ஜெபம் என்ற பெயரில்.

ஜெபவீரன், பிப்ரவரி 25

எல்லா ஜெபக்குழுவும் இப்படித்தான் நடக்கிறது ஐயா. அதை நிறுத்தினால் வெள்ளிக்கிழமை யார் வருவார்கள்?

வடசேரிக்காரி, மார்ச் 3

மறுபடி எழுதினேன். இந்த முறை எனக்கு நேராகத் தெரிந்ததை மட்டும் வைத்தேன். அண்ணிதான் தூண்டிவிட்டாள் என்று முதலில் எழுதியிருந்தேன், அது என் ஊகம், எடுத்துவிட்டேன்.

"ஆண்டவரே, அப்பாவுக்கு என்னைத் தெரியாமல் போன அதே வாரத்தில் அண்ணன் பத்திரம் பதிந்தார். அது தங்கச்சிக்கும் எனக்கும் செய்த அநியாயம். எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை. அவர் கெட்டுப்போக வேண்டும் என்று நேற்றுகூட நினைத்தேன், அதை உம்மிடம் கேட்க மாட்டேன். தீர்ப்பு உம்முடையது. அவருக்குச் சர்க்கரையால் காலில் வந்த புண் ஆறட்டும். அவர் மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகட்டும். தான் செய்ததை அவர் ஒருநாள் உம்மிடமாவது சொல்லட்டும். நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்ற ஆசையையாவது எனக்குத் தாரும். ஆமென்."

கால் புண் வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். அது நிஜமாகவே வந்தது. சின்ன வயதில் அந்தக் காலால்தான் மிதித்து சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடுவார். கல்யாண வரி இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வருகிறது. பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தக் கல்யாணம் எங்கள் வீட்டு முற்றத்தில் நடக்குமே என்ற எண்ணம்தான்.

மறைக்கல்வி டீச்சர், மார்ச் 3

பல்லைக் கடிக்கிற நாளில் கல்யாண வரியை விட்டுவிடுங்கள் அக்கா. கால் புண்ணோடு நிறுத்துங்கள். "உம்மிடமாவது சொல்லட்டும்" என்பது எனக்குப் பிடித்தது, அதில் வீடு இல்லை.

சபை மூப்பன், மார்ச் 4

"நான் மன்னிக்கவில்லை" என்று ஜெபத்திலேயே சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விசுவாசத்தில் மன்னித்துவிட்டேன் என்று அறிக்கை செய்ய வேண்டும், உணர்வு பின்னால் வரும்.

வடசேரிக்காரி, மார்ச் 4

அப்படித்தான் வெகு காலம் அறிக்கை செய்தேன், மூப்பரே. பின்னால் எதுவும் வரவில்லை.

வடசேரிக்காரி, மார்ச் 19

ஆயர் ஐயா சொன்ன முதல் படியைச் செய்தேன், தனியாகப் போய் அண்ணனிடம் பேசினேன். காபி கொடுத்தார். "அப்பா மனசறிஞ்சுதான் எழுதிக் கொடுத்தார்" என்றார். காலில் கட்டு இருந்தது. சண்டை வரவில்லை. இரண்டாவது படிக்கு எங்கள் தாய்மாமாவைக் கூப்பிட்டிருக்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் தங்கச்சியும் நானும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம். குமாஸ்தா தம்பி, கெடுவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கணக்குப் பார்த்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். நோட்டீஸின் கடைசியில், "உங்களுக்காக ஜெபித்து வருகிறோம், மனதில் பகை எதுவும் இல்லை" என்று ஒரு வரி சேர்க்கலாமா?

கோர்ட் குமாஸ்தா, மார்ச் 19

அம்மா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். பிற்பாடு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் முதலில் வாசிப்பார். "பகை இல்லை, குறை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் எதற்கு வழக்கு?" என்பார்.

பழைய ஆயர், மார்ச் 19

அண்ணனிடம் நேரிலும் சொல்ல வேண்டாம். "உனக்காக ஜெபிக்கிறேன்" என்று நம் ஊரில் ஒருவரிடம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மேலும், பகை இல்லை என்பது நிஜமா?

வடசேரிக்காரி, மார்ச் 19, இரவு

இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டேன்.